இரண்டாவது சனிக்கிழமை வந்த வங்கிச் செய்தி: லிங்க்கைத் தொட்ட பிறகு முதல் அரை மணி நேரம்

திருப்பூரில் சனிக்கிழமை என்றால் சம்பளப் பட்டுவாடா. பன்னிரண்டு தையல் மிஷின் போட்டு பவர் டேபிள் நடத்துகிறேன். அன்றைக்கு ஆட்களுக்குக் கொடுக்க வேண்டிய பணம், பார்ட்டி போட்டுவிட்டது எல்லாம் சேர்த்து, ரூ.1,86,000 கணக்கில் இருந்தது. அது மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை. வங்கி விடுமுறை. மதியம் 2.10க்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி: "உங்கள் பான் எண் புதுப்பிக்கப்படவில்லை. இன்று மாலை 5 மணிக்குள் கணக்கு முடக்கப்படும்." மேலே என் வங்கியின் சின்னம், கீழே ஒரு லிங்க்.

ஐந்து மணிக்கு இருபது பேர் சம்பளத்துக்கு நிற்பார்கள். அந்த நேரத்தில் கணக்கு முடங்கினால் என்ன ஆகும் என்றுதான் யோசித்தேனே தவிர, செய்தி உண்மையா என்று யோசிக்கவில்லை. லிங்க்கைத் தொட்டேன், கேட்டதை எல்லாம் கொடுத்தேன், 2.18க்கு அவர்கள் சொன்ன "சரிபார்ப்பு ஆப்" ஒன்றையும் இறக்கினேன். 2.31க்கு முதல் பணம் போனது.

அடுத்த ஒரு மணி நேரத்தில் நான் செய்த எல்லாமே சரியான வேலைகள்தான். ஆனால் வரிசை தப்பு. அந்த வரிசை உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

## 1. அனுப்பியவர் பெயரைப் பாருங்கள்

வங்கி அனுப்பும் எஸ்எம்எஸ் பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து வராது. எழுத்துகளால் ஆன ஒரு பெயரிலிருந்து வரும். 2025 மே மாதத்திலிருந்து அந்தப் பெயரின் கடைசியில் ஒரு கோடு போட்டு ஓர் எழுத்தும் சேர்ந்து வருகிறது. `-T` என்றால் ஓடிபி போன்ற பரிவர்த்தனைச் செய்தி, `-S` என்றால் சேவைச் செய்தி, `-P` விளம்பரம், `-G` அரசு. "கணக்கு முடங்கும்" என்ற செய்தி `+91` என்று தொடங்கும் சாதாரண எண்ணிலிருந்து வந்தால் அதற்கு மேல் ஆராய வேண்டியதில்லை, பொய்தான்.

இதைத் திருப்பிப் போட்டுவிடாதீர்கள். `-S` இருக்கிறது என்பதற்காக உள்ளே இருக்கும் லிங்க்கை நம்பிவிட முடியாது. மொபைல் எண்ணிலிருந்து வந்தால் பொய் என்று தள்ளிவிடலாம், அவ்வளவுதான் இதன் பயன்.

வாட்ஸ்அப்பில் சின்னத்துக்கு மதிப்பே இல்லை. யார் வேண்டுமானாலும் எந்தப் படத்தையும் முகப்பில் வைத்துக்கொள்ளலாம். எனக்கு வந்த எண்ணின் முகப்புப் படம் என் பாஸ்புக் அட்டையில் இருக்கும் அதே சின்னம்.

## 2. முகவரியைப் பின்னாலிருந்து படியுங்கள்

இது கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டிய இடம். ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளையும் தங்கள் இணைய முகவரியை `.bank.in` என்ற முடிவுக்கு மாற்றச் சொல்லி, 2025 அக்டோபர் 31ஐக் கெடுவாக வைத்தது. அந்த முடிவில் முகவரி வாங்க வங்கிகளால் மட்டுமே முடியும். அதனால் இப்போது ஒரே ஒரு கேள்விதான்: முகவரி `.bank.in` என்று முடிகிறதா?

"முடிகிறதா" என்பதில்தான் சூட்சுமம். மாதிரிக்கு இரண்டு முகவரிகள் கொடுத்திருக்கிறேன். இரண்டும் உண்மையான தளங்கள் அல்ல:

```
https://yourbank.bank.in/login
https://yourbank.bank.in.kyc-update.example/login
```

`https://` முடிந்த பிறகு வரும் முதல் சாய்கோட்டில் விரலை வையுங்கள். அங்கிருந்து இடப்பக்கமாகப் படியுங்கள். முதல் முகவரியில் சாய்கோட்டுக்கு ஒட்டி முன்னால் `bank.in` இருக்கிறது. இரண்டாவதில் இருப்பது `kyc-update.example`. அந்தத் தளத்துக்குச் சொந்தக்காரர் அந்தப் பெயரை வாங்கியவர்தான். முன்னால் இருக்கும் `yourbank.bank.in` வெறும் அலங்காரம். போன் திரை சின்னது, முகவரியின் முன்பகுதி மட்டும்தான் தெரியும். திருடர்கள் நம்புவதும் அதைத்தான். முகவரிப் பட்டையைத் தொட்டு, கடைசி வரை தள்ளிப் பாருங்கள்.

`bank.in`க்கு முன்னால் புள்ளிக்குப் பதில் நடுக்கோடு இருந்தாலும் அது வேறு ஆள். பூட்டுப் படத்தையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். போகும் வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்றுதான் அதற்கு அர்த்தம். மறுமுனையில் இருப்பது திருடனா இல்லையா என்று அது சொல்லாது.

இன்னொன்று, இதற்கு முகவரிகூடப் பார்க்க வேண்டாம்: `.apk` என்று முடியும் ஆப் கோப்பை எந்த வங்கியும் வாட்ஸ்அப்பில் அனுப்பி இறக்கச் சொல்லாது. கல்யாணப் பத்திரிகை, வண்டி அபராதச் சீட்டு என்ற பெயர்களிலும் இந்தக் கோப்பு சுற்றுகிறது.

## 3. எவ்வளவு தூரம் போனீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

தொட்டாகிவிட்டது. இனி என்ன செய்வது என்பது நீங்கள் எங்கே நின்றீர்கள் என்பதைப் பொறுத்தது.

லிங்க்கைத் திறந்தீர்கள், சந்தேகம் வந்து மூடிவிட்டீர்கள், எதையும் நிரப்பவில்லை என்றால் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. டவுன்லோட்ஸ் பகுதியில் தானாக ஏதாவது `.apk` இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் திறக்காமல் அழித்துவிடுங்கள். இதற்காகக் கார்டை முடக்கிவிட்டு இரண்டு வாரம் புதுக் கார்டுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. செய்தியை `sancharsaathi.gov.in` தளத்தில் சக்ஷு என்ற பகுதியில் புகாராகப் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள்.

கடவுச்சொல், கார்டு எண், பின் போன்றவற்றைத் தட்டிக் கொடுத்தீர்கள், ஆனால் ஆப் எதையும் இறக்கவில்லை என்றால் போன் இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது. வங்கியின் சொந்த ஆப்பில் நுழைந்து உடனே கடவுச்சொல்லை மாற்றுங்கள், கார்டை முடக்குங்கள். பிறகு கீழே 5ஆம் படிக்குப் போங்கள். அதே கடவுச்சொல்லை ஈமெயிலுக்கும் வைத்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

ஆப்பையும் இறக்கி, அது கேட்ட அனுமதிகளுக்கெல்லாம் "சரி" கொடுத்திருந்தால் என் நிலைமைதான் உங்களுக்கும். இனி உங்கள் போன் உங்களுடையது அல்ல. 4ஆம் படியை முடிக்காமல் வேறு எதையும் தொடாதீர்கள்.

## 4. ஆப் இறங்கிவிட்டதா? முதலில் போனின் வாயை அடையுங்கள்

அந்த ஆப் பார்க்கும் வேலை எளிமையானது. உங்களுக்கு வரும் எஸ்எம்எஸ்களைப் படித்து, இணையம் வழியாகத் திருடனுக்கு அனுப்பும். கடவுச்சொல்லை நீங்களே படிவத்தில் கொடுத்துவிட்டீர்கள், ஓடிபியை இது கொடுத்துவிடும். அப்புறம் அவனுக்கு என்ன வேண்டும்? இதனால்தான் அதே போனில் உட்கார்ந்து கடவுச்சொல்லை மாற்றுவது வீண். மாற்றுவதற்கு வரும் ஓடிபியும் அவனுக்குப் போகும்.

நான் வரிசையைத் தவறவிட்டது இங்கேதான். 2.31க்கு ரூ.24,900, 2.36க்கு ரூ.14,900 போனது. பதறிப்போய் மனைவியின் போனிலிருந்து 2.40க்கு வங்கியைக் கூப்பிட்டேன். 2.47க்குப் புகார் எண் கிடைத்தது. அது வரைக்கும் என் போன் மேஜைமேல் இணையத்தோடு சும்மா கிடந்தது. 2.51க்கு இன்னொரு ரூ.9,900 போனது. பக்கத்து செக்கிங் யூனிட்டிலிருந்து ஓடிவந்த அக்கா மகன்தான் போனை எடுத்துப் பார்த்தான். "ஏனுங் மாமா, டேட்டா இன்னும் ஆன்லயே இருக்குதுங்களே!"

ஆகவே வரிசை இதுதான். ஏரோப்ளேன் மோடைப் போடுங்கள். வைஃபை தனியாக ஓடிக்கொண்டிருந்தால் அதையும் அணையுங்கள். உடனே சிம்மை வெளியே எடுத்து வேறொரு நல்ல போனில் போடுங்கள். வீட்டில் ஆத்தா வைத்திருக்கும் பட்டன் போன் இதற்கு அருமையான கருவி. அதில் எந்தத் திருட்டு ஆப்பும் இருக்காது, ஓடிபி உங்களுக்கு மட்டும் வரும். ஜியோ சிம் என்றால் பழைய 2ஜி பட்டன் போனில் வேலை செய்யாது, 4ஜி போன் வேண்டும். சிம்மை மாற்றியதும் கால் வேறு எண்ணுக்குத் திருப்பிவிடப்பட்டிருக்கிறதா என்று முதல் எண்ணைப் போட்டுப் பாருங்கள். திருப்பியிருந்தால் இரண்டாவது எண் எல்லாத் திருப்பல்களையும் நீக்கிவிடும்:

```
*#21#
##002#
```

மொத்தம் மூன்று நிமிட வேலை. நான் இதை முதலில் செய்திருந்தால் அந்த ரூ.9,900 போயிருக்காது.

மீதிப் பணத்தைக் காப்பாற்றியது என் சாமர்த்தியம் இல்லை. புதிதாகச் சேர்த்த பெயருக்கு முதல் நாளில் ரூ.50,000க்கு மேல் போகாது என்று என் வங்கி வரம்பு வைத்திருந்தது, அவ்வளவுதான். உங்கள் நெட் பேங்கிங்கில் இந்த வரம்பைக் குறைத்து வைத்துக்கொள்ள வசதி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

## 5. வங்கிக்குக் கூப்பிடுங்கள், ஆனால் எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள்

பதற்றத்தில் எல்லோரும் வங்கிப் பெயரோடு "கஸ்டமர் கேர்" என்று தேடுவார்கள். அங்கே போலி எண்களைப் போட்டு வைத்துக் காத்திருப்பவர்கள் உண்டு. ஒரு திருடனிடமிருந்து தப்பி இன்னொருவனிடம் போய் நிற்பீர்கள். எண் உங்கள் டெபிட் கார்டின் பின்புறத்தில் இருக்கிறது, பாஸ்புக்கிலும் இருக்கும். கார்டைத் திருப்பி இப்போதே ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். போனில் மட்டும் சேமித்து வைத்தால், போனை அணைத்த பிறகு எங்கே தேடுவீர்கள்?

"என் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது" என்று மட்டும் சொன்னால் கார்டை முடக்கிவிட்டு வைத்துவிடுவார்கள். நெட் பேங்கிங், மொபைல் பேங்கிங், கார்டு, யுபிஐ நான்கையும் பெயர் சொல்லி முடக்கச் சொல்லுங்கள். யுபிஐயை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் போனால் யுபிஐ ஆப்பில் எண் பதிவாகிவிடும். அந்தத் திருட்டு ஆப்புக்கு எஸ்எம்எஸ் அனுப்பவும் தெரியும்.

வைப்பதற்கு முன் புகார் எண்ணைக் கேளுங்கள். அதற்குப் பக்கத்தில் மணியையும் நிமிடத்தையும் எழுதுங்கள். இந்த நிமிடக் கணக்கு ஏன் முக்கியம் என்று 8ஆம் படியில் தெரியும்.

## 6. உடனே 1930

வங்கிக் கால் முடிந்த கையோடு சைபர் குற்றப் புகார் எண்ணான 1930க்குக் கூப்பிடுங்கள். சனி, ஞாயிறு, ராத்திரி என்று எதுவும் இல்லை, எப்போதும் எடுப்பார்கள். கட்டணம் கிடையாது. வீட்டில் இன்னொருவர் இருந்தால் இரண்டு கால்களையும் ஒரே நேரத்தில் போடுவது இன்னும் நல்லது. திருட்டுப் பணம் ஒரு கணக்கில் உட்காராது. அங்கிருந்து இன்னொன்று, அங்கிருந்து மூன்று என்று பிரிந்து, கடைசியில் ஏதோ ஓர் ஏடிஎம்மில் ரொக்கமாகிவிடும். 1930இல் பதிவானதும் அடுத்தடுத்த வங்கிகளுக்குத் தகவல் போகும். பணம் எங்கே நிற்கிறதோ அந்தத் தொகையை அங்கேயே நிறுத்தி வைப்பார்கள். ரொக்கமாகிவிட்டால் நிறுத்த ஒன்றும் இருக்காது.

அவர்கள் கேட்பது: உங்கள் கணக்கு எண், வங்கி, ஒவ்வொரு தொகையும் போன தேதி, நேரம், பரிவர்த்தனை எண். ஐஎம்பிஎஸ், யுபிஐ இரண்டுக்கும் இது 12 இலக்கம், பணம் போனதாக வந்த எஸ்எம்எஸ்ஸிலேயே இருக்கும். நான் அதைத் தேடவே பத்து நிமிடம் ஆனது. முடக்கிய போனில் இருக்கும் அந்தச் செய்திகளை வேறு போனால் படமெடுத்து வைத்துக்கொண்டு பிறகு கூப்பிடுங்கள்.

பேசி முடித்ததும் ஒப்புகை எண் எஸ்எம்எஸ்ஸில் வரும். இதோடு புகார் முடிந்துவிட்டது என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். 24 மணி நேரத்துக்குள் `cybercrime.gov.in` தளத்தில் அந்த எண்ணைக் கொண்டு புகாரை முழுமையாக நிரப்ப வேண்டும். அடையாள அட்டை, கணக்கு விவரப் பக்கம், வந்த செய்தியின் படம், லிங்க், இறக்கிய கோப்பின் பெயர் எல்லாவற்றையும் ஏற்றுங்கள். ஆத்திரத்தில் அந்த வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிட வேண்டாம். உங்களிடம் இருக்கும் சாட்சி அது ஒன்றுதான்.

## 7. போனைச் சுத்தம் செய்வது

இது ராத்திரி செய்தால் போதும். செட்டிங்ஸில் ஆப் பட்டியலைத் திறந்து பாருங்கள். முகப்பில் ஐகான் இல்லாவிட்டாலும் பட்டியலில் இருக்கும். "அன்இன்ஸ்டால்" மங்கலாக இருந்தால், அது டிவைஸ் அட்மின், ஆக்சஸிபிலிட்டி அனுமதிகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். முதலில் அந்த இரண்டையும் பறித்துவிட்டு அப்புறம் நீக்குங்கள். நான் நீக்கியதோடு நிற்காமல் போட்டோக்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஃபேக்டரி ரீசெட் போட்டுவிட்டேன். பட்டியலில் எந்தப் பெயரில் ஒளிந்திருக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பதைவிட அது நிம்மதி. ஆனால் சாட்சிப் படங்களை எல்லாம் எடுத்து முடித்த பிறகே ரீசெட்.

வாட்ஸ்அப்பில் லிங்க்டு டிவைசஸ் பகுதியையும் பாருங்கள். என் பெயரில் அதே கோப்பு எங்கள் பவர் டேபிள் குழுவுக்கும் போயிருந்தது. இரண்டு பேர் நான் அனுப்பியதாக நம்பி இறக்கப் பார்த்திருக்கிறார்கள். அன்றிரவு எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்ல வேண்டியதாயிற்று.

## 8. காகித வேலை, காலம், செலவு

திங்கள் காலை முதல் வேலையாகக் கிளைக்குப் போங்கள். புகார்க் கடிதம் இரண்டு பிரதி. ஒன்றைக் கொடுத்து, இன்னொன்றில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள். வங்கிக்குப் போனில் சொன்ன நேரம், புகார் எண், 1930 ஒப்புகை எண் மூன்றும் கடிதத்தில் இருக்க வேண்டும்.

எனக்குக் கிளையில் கிடைத்த முதல் பதில், "நீங்களே கடவுச்சொல்லைக் கொடுத்திருக்கிறீர்கள், நாங்கள் என்ன செய்ய முடியும்" என்பது. அதில் பாதி நியாயம். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போன பணம், அவர் வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவர் பொறுப்பு. தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு. தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான். நான் தெரிவித்தது 2.47. மூன்றாவது தொகை போனது 2.51. நான்கு நிமிடம்! அந்த ரூ.9,900ஐ மட்டும் தனியாகப் பிரித்து, சுற்றறிக்கையைக் குறிப்பிட்டு இன்னொரு கடிதம் கொடுத்தேன். தெரிவித்த நாளிலிருந்து 10 வேலை நாளுக்குள் வரவு வைக்க வேண்டும் என்று அதே சுற்றறிக்கையில் இருக்கிறது. ஒன்பதாவது நாள் வந்தது. மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கேட்டிருந்தால் மொத்தமாகவே மறுத்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

வங்கி 30 நாளில் பதில் சொல்லாவிட்டாலோ, சொன்ன பதில் சரியில்லை என்றாலோ, `cms.rbi.org.in` தளத்தில் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

அடுத்து மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம். கோவை, ஈரோடு, கரூர், நாமக்கல் என்று ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒன்று உண்டு. ஆதார் நகல், கணக்கு விவரம், படங்களின் அச்சு, ஒப்புகை எண் எல்லாம் இரண்டு செட் கொண்டுபோங்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். எங்கோ ஒரு கணக்கில் உங்கள் பணம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தால் அது தானாகத் திரும்பி வந்துவிடாது. என் விஷயத்தில் ரூ.14,900 நின்றிருந்தது. அதை விடுவிக்க நடுவர் நீதிமன்றத்தில் மனுப் போட்டு, உத்தரவு நகலை அந்த வங்கிக்கு அனுப்ப வேண்டியிருந்தது. காவல் நிலையத்திலேயே மனுவின் மாதிரி கொடுத்தார்கள். எனக்கு நான்கு மாதம் ஆனது. ஜெராக்ஸ், பஸ், இரண்டு நாள் வேலை கெட்டது தவிரச் செலவில்லை.

இந்தக் காத்திருப்புக் காலத்தில் ஒரு கால் வரும். எனக்கு வந்தது. "சைபர் செல்லிலிருந்து பேசுகிறோம், உங்கள் பணம் பிடிபட்டுவிட்டது, விடுவிக்க 1,500 கட்டுங்கள்." தொகை எவ்வளவு, எந்த நாள் போனது எல்லாம் சரியாகச் சொன்னான். வைத்துவிட்டு நிலையத்துக்கு நேரில் போய்க் கேட்டேன். அப்படி யாரும் கூப்பிடவில்லை.

முதலில் போன ரூ.24,900 நான் 1930க்குப் பேசுவதற்கு முன்பே ரொக்கமாகிவிட்டது. புகாரின் நிலையை `cybercrime.gov.in` தளத்தில் ஒப்புகை எண் போட்டுப் பார்க்கலாம். மாதம் ஒருமுறை பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் "விசாரணையில்" என்றுதான் காட்டுகிறது.